2,000 என்று அடித்தார், 2 யூரோ ஆனது: ஜெர்மன் வங்கிப் பக்கத்தில் ஒரு பணப் பரிமாற்றம்

கோவையிலிருந்து ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகருக்கு முதுகலை படிக்க வந்த மாணவர் ஒருவருக்கு வாடகை அறை கிடைத்தது. ஒப்பந்தத்தில் இரண்டு தொகைகள் இருந்தன. முன்பணம் 870 யூரோ, முதல் மாத வாடகை 385 யூரோ. இரண்டும் சேர்த்து 1,255. கணக்கில் 1,600 யூரோவுக்கு மேல் இருந்தது. திங்கள் காலை சாவி வாங்க வேண்டும். அதற்குள் முன்பணம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வெள்ளி மாலை உட்கார்ந்து அனுப்பப் பார்த்தார். பணம் போகவில்லை. ஒருமுறை லிமிட் தடுத்தது, ஒருமுறை பெறுபவர் பெயர் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தது. அப்போதுதான் எனக்கு அழைத்தார்.

"அண்ணா, லிமிட் ரெண்டாயிரம் வெச்சாச்சுங்க. அப்பவும் லிமிட் தாண்டிருச்சுன்னே சொல்லுதுங்க."

அவர் எடுத்து வைத்திருந்த ஸ்க்ரீன்ஷாட்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தபோது, எங்கே என்ன நடந்தது என்று தெளிவாகத் தெரிந்தது. இங்கே புதிதாக வருகிற நம்மவர்களில் நிறையப் பேர் இதே இடங்களில்தான் சிக்குகிறார்கள் என்பதால் முழுவதுமாக எழுதி வைக்கிறேன். வங்கியின் பெயர் தேவையில்லை. திரையில் வரும் சொற்கள் வங்கிக்கு வங்கி சற்று மாறும். வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

ஊரில் பழகியதும் இங்கே இருப்பதும்

ஊரில் நெட் பேங்கிங்கில் முதலில் பெனிஃபிஷியரியைச் சேர்க்க வேண்டும். அக்கவுண்ட் நம்பரை இரண்டு முறை அடித்து, ஐஎஃப்எஸ்சி போட்டு, ஓடிபி கொடுத்துச் சேர்த்தாலும், பல வங்கிகளில் சில மணி நேரமோ ஒரு நாளோ காத்திருக்க வேண்டும், அல்லது அதுவரை சிறிய தொகைதான் அனுப்ப முடியும். அந்தக் காத்திருப்பு எரிச்சலாக இருந்தாலும் அது ஒரு வேலி. தப்பாகச் சேர்த்திருந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும்.

ஜெர்மனியில் பெரும்பாலும் அந்த வேலி கிடையாது. Überweisung என்ற பணப் பரிமாற்றப் பக்கத்தைத் திறந்து, Empfänger என்ற இடத்தில் பெறுபவர் பெயர், IBAN என்ற இடத்தில் கணக்கு எண், Betrag என்ற இடத்தில் தொகை, Verwendungszweck என்ற இடத்தில் எதற்காக என்ற குறிப்பு. அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஆளுக்கும் அதே நிமிடத்தில் அனுப்பிவிடலாம். Vorlage என்று சேமித்து வைக்கிற வசதி உண்டு. அது அடுத்த முறை அடிக்கும் வேலையை மிச்சப்படுத்துவதற்குத்தான். ஊரில் பெனிஃபிஷியரியைச் சேர்ப்பது ஒரு அனுமதி என்றால், இங்கே அது வெறும் முகவரிக் குறிப்பு.

ஆகவே உண்மையான பாதுகாப்பு மூன்று இடங்களில் இருக்கிறது: தினசரி லிமிட், பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்ற சோதனை, கடைசியாக மொபைல் ஆப்பில் ஒப்புதல் கொடுக்கிற திரை. அந்த மாணவர் மூன்றையுமே தாண்டி வந்தார், மூன்றையும் பிரவுசரின் மொழிபெயர்ப்பு வழியாகவே பார்த்துக்கொண்டு. சரியாகச் சொன்னால் முதல் இரண்டை மட்டும்தான் அப்படிப் பார்த்தார். மூன்றாவது திரையைப் பிரவுசரால் மொழிபெயர்க்க முடியாது, அது வேறு ஆப். அது ஜெர்மனிலேயே இருந்தது. அதைத்தான் அவர் படிக்கவில்லை.

லிமிட் இரண்டு யூரோ ஆன கதை

அவர் கணக்கில் தினசரி லிமிட் 1,000 யூரோ என்று இருந்தது. முன்பணத்தை மட்டும் அனுப்பினால் பிரச்சினை இல்லை. வாடகையும் சேர்ந்தால் தாண்டும். எனவே லிமிட்டை 2,000 ஆக்க முடிவு செய்தார். அதில் தவறில்லை.

பக்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருந்தார். மொழிபெயர்ப்பு, பக்கத்தில் எழுதியிருந்த தொகையையும் சேர்த்து மாற்றியிருந்தது. மூலத்தில் 1.000,00 EUR என்று இருந்தது, அவர் கண்ணுக்கு 1,000.00 என்று தெரிந்தது. ஜெர்மன் வழக்கில் ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, காசைப் பிரிப்பது கமா. நம் வழக்குக்கு நேர் எதிர். மொழிபெயர்ப்பு, எழுத்தாக இருக்கிற தொகையை மாற்றும்; நாம் தட்டச்சு செய்கிற கட்டத்துக்குள் அது கை வைக்காது. அந்தக் கட்டம் ஜெர்மன் வழக்கையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். மேலே ஒரு வழக்கில் தொகை, கீழே இன்னொரு வழக்கில் கட்டம். மேலே பார்த்ததை நம்பி அவர் கீழே 2,000 என்று அடித்தார்.

கட்டத்தைவிட்டு அடுத்த இடத்துக்குப் போனதும் அது தானாகவே 2,00 என்று மாறியிருக்கிறது. ஒரு சைபர் குறைந்ததை அவர் கவனிக்கவில்லை. பிறகு மொபைலில் ஒப்புதல் ஆப் திறந்தது. ஸ்க்ரீன்ஷாட்டில் இருந்தது இதுதான்:

```
Limit ändern
Neues Tageslimit: 2,00 EUR
```

லிமிட்டை மாற்று, புதிய தினசரி லிமிட் இரண்டு யூரோ. விரல் ரேகை வைத்தார், முடிந்தது.

வங்கி ஏன் எச்சரிக்கவில்லை என்று அவருக்குக் கோபம். லிமிட்டை உயர்த்துவதுதான் வங்கிக்கு ஆபத்தான வேலை. அதற்கு உச்சவரம்பு, கூடுதல் கேள்வி, சில வங்கிகளில் கிளைக்கு நேரில் வரச் சொல்வது என்றெல்லாம் தடைகள் உண்டு. குறைப்பது வாடிக்கையாளர் தன்னைத் தானே காத்துக்கொள்வது. அதை யாரும் தடுப்பதில்லை, உடனே அமலுக்கு வந்துவிடும். அதனால் கமா பிழை கீழ்நோக்கிப் போகும்போது சத்தமே இல்லாமல் போய்விடுகிறது. பிறகு 870 யூரோ அனுப்பப் பார்த்தால், Tageslimit überschritten. தினசரி லிமிட் தாண்டிவிட்டது. ஆயிரமாக இருந்தபோது போயிருக்கக்கூடிய தொகை, அவர் உயர்த்திய பிறகு போகவில்லை.

பிழை மேல்நோக்கியும் போகலாம், அது இன்னும் மோசம். 870.00 என்று காசோடு சேர்த்து அடித்தால், சரியாகச் செய்யப்படாத சில பக்கங்கள் புள்ளியை ஆயிரப் பிரிப்பாக நினைத்துத் தூக்கிவிட்டு 87.000,00 என்று எடுத்துக்கொள்ளும். நல்ல பக்கங்கள் தவறு என்று சிவப்பில் காட்டும். எந்தப் பக்கம் எப்படி என்று சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை: புள்ளியும் வேண்டாம், கமாவும் வேண்டாம், 2000 என்று, 870 என்று வெறும் எண்ணாக அடியுங்கள். காசு இருந்தால் மட்டும் ஒரே ஒரு கமா: 870,50. அடித்த பிறகு அடுத்த கட்டத்துக்குப் போய், முந்தைய கட்டம் தன்னை எப்படி எழுதிக்கொண்டது என்று திரும்பிப் பாருங்கள். 2.000,00 என்று இருந்தால் சரி.

லிமிட் பக்கத்தில் இன்னொரு தேர்வும் உண்டு. dauerhaft என்றால் நிரந்தரமாக, befristet என்றால் குறிப்பிட்ட தேதிவரை. இரண்டாவதைத் தேர்ந்து தேதி கொடுத்தால் அதன்பின் பழைய லிமிட் தானாகத் திரும்பிவிடும். ஒரே ஒருமுறை பெரிய தொகை அனுப்புகிறவருக்கு அதுதான் பொருத்தம். நம் மாணவர் சரிசெய்தபோது இதைத்தான் எடுத்தோம்.

இதே இடத்தில் இன்னொரு குழப்பம். கணக்கின் முதல் பக்கத்தில் verfügbar என்று ஒரு தொகை இருக்கும். அது இப்போது எடுக்கக்கூடிய பணம். ஓவர்டிராஃப்ட் வசதி இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டும். Dispo என்று பேச்சில் சொல்வது அந்தக் கடன் வசதியைத்தான். மொழிபெயர்ப்பில் இவை இரண்டும் "லிமிட்" என்ற சொல்லோடு வந்து, பரிமாற்ற லிமிட்டோடு கலந்துவிடும். Dispo லிமிட்டை உயர்த்த விண்ணப்பித்தால் அது கடனுக்கு விண்ணப்பிப்பது. நாம் தேடுவது Überweisungslimit அல்லது Tageslimit. பெரும்பாலும் அமைப்புகள் அல்லது சேவைகள் என்ற பகுதிக்குள் இருக்கும். கணக்கு இருப்புப் பக்கத்தில் இருக்காது.

பெயர் பொருந்தவில்லை

2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள், பணம் அனுப்புமுன் பெறுபவர் பெயரும் ஐபேன் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/886 எண் ஒழுங்குமுறை அதைக் கட்டாயமாக்கியது. அதற்குமுன் ஜெர்மனியில் பெயர் எழுதுகிற கட்டம் அலங்காரம்தான். எந்தப் பெயரைப் போட்டாலும் எண் எங்கே போகச் சொல்கிறதோ அங்கேதான் பணம் போகும். பழைய ஆட்கள் இன்னும் அந்த நினைப்பில், "பெயர் எதுவானாலும் பரவாயில்லை" என்று அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள்.

இந்தச் சோதனைக்கு Empfängerüberprüfung என்று பெயர். விவரங்களை நிரப்பித் தொடர்ந்ததும், ஒப்புதல் ஆப் திறக்குமுன் சில விநாடிகளில் விடை வரும். பொருந்துகிறது, ஏறத்தாழ பொருந்துகிறது, பொருந்தவில்லை, சோதிக்க முடியவில்லை. இந்த நான்கில் ஒன்று. ஏறத்தாழ என்று வந்தால் கணக்கு உண்மையில் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதையும் காட்டும். பொருந்தவில்லை என்று வந்தால் பெயரைக் காட்டாது, அது அந்நியரின் அந்தரங்கம். எச்சரிக்கையைப் பார்த்த பிறகும் அனுப்புவதா வேண்டாமா என்பது நம் முடிவு. ஆனால் பொருந்தவில்லை, அதாவது Keine Übereinstimmung, என்று வந்ததை மீறி நாமே ஒப்புதல் கொடுத்தால், பணம் தவறான ஆளுக்குப் போனபின் வங்கியைப் பொறுப்பாக்க முடியாது.

மாணவருக்கு வந்தது அதுதான். லிமிட் தடுப்பதற்கு முன்பே இந்த எச்சரிக்கை வந்திருக்கிறது, "ஏதோ ஃபார்மாலிட்டி" என்று நினைத்துத் தாண்டியிருக்கிறார். லிமிட் இரண்டு யூரோவாக இல்லாமல் இருந்திருந்தால் பணம் அப்போதே போயிருக்கும்.

பெயர் ஏன் பொருந்தவில்லை? வாடகை ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. அதையும் பிரவுசரிலேயே மொழிபெயர்த்துப் படித்தார். வீட்டை நிர்வகிக்கும் நிறுவனத்தின் பெயரில் Hausverwaltung என்ற சொல் இருந்தது. மொழிபெயர்ப்பு அதை Property Management ஆக்கிவிட்டது. அவர் அந்த ஆங்கிலப் பெயரை அப்படியே நகலெடுத்து Empfänger கட்டத்தில் ஒட்டிவிட்டார். அந்தப் பெயரில் உலகில் யாருக்கும் அந்தக் கணக்கு இல்லை.

தனிநபர் பெயர்களில் இது இன்னும் விநோதமாக நடக்கும். ஜெர்மன் குடும்பப் பெயர்களில் பல தொழிற்பெயர்கள். Schneider தையற்காரர், Koch சமையற்காரர், Weber நெசவாளர். மொழிபெயர்ப்புக்கு அது பெயரா தொழிலா என்று தெரியாது. வீட்டுக்காரர் திருமதி Weber என்றால் திருமதி நெசவாளர் என்று வரலாம். சிரித்துவிட்டுப் போகலாம், நகலெடுத்து ஒட்டாதவரை.

ஒப்பந்தத்தின் மூலப் பிடிஎஃபை மொழிபெயர்க்காமல் திறந்து, அங்கிருந்து பெயரை எடுத்துப் போட்டதும் விடை மாறியது. இந்த முறை ஏறத்தாழ பொருந்துகிறது என்று வந்தது. கணக்கில் உள்ள பெயரின் இறுதியில் நிறுவன வகையைக் குறிக்கும் GmbH இருந்தது, ஒப்பந்தத்தின் முகப்பில் இல்லை. வங்கி காட்டிய பெயரை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சிறு எழுத்தில் இருந்த நிறுவனத்தின் முழுப் பெயரோடு ஒப்பிட்டோம், சரியாக இருந்தது. வங்கி தந்த பெயரை எடுத்துக்கொண்டோம்.

இந்தச் சோதனை நமக்குப் பணம் வரும்போதும் நடக்கும் என்பதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். நம் பெயர் அமைப்புக்கு இங்குள்ள முதற்பெயர், குடும்பப் பெயர் கட்டங்கள் ஒத்துவருவதில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், பகுதிநேர வேலை கொடுத்தவரிடம் இனிஷியலோடு பெயர் கொடுத்திருப்போம். சம்பளம் அனுப்புகிறவருக்கு எச்சரிக்கை வந்தால், அவர் நிறுத்தி வைத்து விசாரிப்பார். வங்கிக் கணக்கில் பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அப்படியே எல்லோருக்கும் கொடுங்கள்.

பச்சை விளக்கு காட்டாதது

பெயர் பொருந்திவிட்டது என்றதும் அனுப்பலாமா? இன்னொரு இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் இரண்டு ஐபேன் எண்கள் இருந்தன. ஒன்று வாடகைக்கு, ஒன்று முன்பணத்துக்கு.

ஜெர்மன் சிவில் சட்டத்தின் 551-ஆம் பிரிவு முன்பணத்தைப் பற்றியது. தண்ணீர், வெப்பமூட்டல் போன்ற செலவுகள் சேராத வாடகையில் அதிகபட்சம் மூன்று மாதத் தொகைதான் கேட்கலாம். இவருக்கு 290 வீதம் 870, சரியாக உச்சம். அந்தப் பணத்தை வீட்டுக்காரர் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால்தான் தனிக் கணக்கு. இதே பிரிவின்படி முன்பணத்தை மூன்று மாதத் தவணையாகக் கட்டவும் உரிமை உண்டு, முதல் தவணை குடியேறும்போது. அப்படிக் கட்டியிருந்தால் 290 கூட்டல் 385, வெறும் 675; லிமிட்டைத் தொடவே வேண்டியிருந்திருக்காது. மாணவருக்கு இது தெரியாது. சொன்னபோது, முதல் நாளே பேரம் பேசினாற்போல் இருக்கும் என்று முழுவதையும் கட்டவே விரும்பினார். அவர் விருப்பம்.

இரண்டு கணக்கும் ஒரே நிறுவனத்தின் பெயரில். எனவே பெயர்ச் சோதனை இரண்டுக்கும் பச்சைதான் காட்டும். முன்பணத்தை வாடகைக் கணக்குக்கு அனுப்பினாலும் "பொருந்துகிறது" என்றுதான் வரும். யாருடைய கணக்கு என்று மட்டுமே அந்தச் சோதனைக்குத் தெரியும், எதற்கான கணக்கு என்று தெரியாது. மாணவர் ஒட்டி வைத்திருந்தது வாடகைக் கணக்கின் எண். பணம் தொலைந்திருக்காது, ஆனால் திங்கள் காலை "முன்பணம் வரவில்லையே" என்று சொல்லியிருப்பார்கள்.

ஐபேனைச் சரிபார்க்க அதன் உறுப்புகளைத் தெரிந்து வைத்திருப்பது உதவும். ஜெர்மன் ஐபேனில் 22 எழுத்துகள். விளக்கங்களில் எடுத்துக்காட்டாகப் போடுகிற எண் இது:

```
DE89 3704 0044 0532 0130 00
```

DE நாடு. 89 சோதனை எண். அடுத்த எட்டு இலக்கம் வங்கி, கடைசிப் பத்து கணக்கு. ஒரே வங்கியில் இருக்கிற இரண்டு கணக்குகளுக்கு நடுவில் உள்ள எட்டு இலக்கமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அப்போது சோதனை எண்ணையும் கடைசிப் பத்தையும் வைத்துத்தான் அவற்றைப் பிரித்தறிய முடியும். ஒரு இலக்கத்தைத் தவறாக அடித்தால் சோதனை எண் காட்டிக்கொடுத்துவிடும், பக்கம் ஏற்காது. ஆனால் முழுக்கச் சரியான இன்னொரு எண்ணை ஒட்டினால் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. கடைசி நான்கு இலக்கத்தை ஒப்பந்தத்தோடு வாய்விட்டுப் படித்து ஒப்பிட வேண்டியதுதான்.

மொழிபெயர்ப்பை எங்கே நிறுத்துவது

மொழிபெயர்ப்பையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மன் ஏ1 படித்துவிட்டு வந்தவரிடம் அப்படிச் சொல்வது நியாயமில்லை. முதலில் பக்கத்தின் மூலையில் மொழியைக் குறிக்கும் Sprache என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலப் பக்கத்தை வங்கியே தந்தால் எண் வழக்கும் கட்டமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். இல்லையென்றால், படிக்கும்போது மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது, லிமிட் எந்தப் பகுதியில் என்று கண்டுபிடியுங்கள். தட்டச்சு செய்யத் தொடங்குமுன் அணைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பு பக்கத்தின் உள் அமைப்பைக் கலைத்துவிடுவதால் சில சமயம் தொடர் பட்டனை அழுத்தினாலும் எதுவும் நடக்காது, அந்தத் தொல்லையும் இதனால் தீரும்.

இன்னொன்று. குரோம் பிரவுசரின் மொழிபெயர்ப்பு, பக்கத்தில் உள்ள எழுத்தை மொழிபெயர்க்க வெளியே சர்வருக்கு அனுப்புகிறது. உங்கள் இருப்புத் தொகையும் பரிவர்த்தனைப் பட்டியலும் அந்த எழுத்தில் அடங்கும். ஃபயர்பாக்ஸ் உங்கள் கணினிக்குள்ளேயே மொழிபெயர்க்கிறது. வங்கி வேலைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஒப்புதல் திரை

ஐரோப்பிய விதிப்படி, நாம் ஒப்புதல் கொடுக்கும்போது பின்னணியில் உருவாகிற குறியீடு குறிப்பிட்ட தொகைக்கும் குறிப்பிட்ட பெறுபவருக்கும் மட்டும் கட்டுப்பட்டது. தொகையை மாற்றினால் குறியீடு செல்லாது. எனவே ஆப்பில் காட்டப்படுவதே உண்மையான ஆணை. பிரவுசரில் என்ன மொழியில், எப்படித் தெரிந்தாலும் வங்கி நிறைவேற்றப்போவது ஆப்பில் எழுதியிருப்பதை. அந்தத் திரையில் வருவது நான்கைந்து சொற்கள்தான். Auftrag என்ன வேலை, பணம் அனுப்புவதா லிமிட் மாற்றுவதா என்பது. Betrag தொகை. Empfänger பெறுபவர். IBAN தெரியும். ஒப்புதல் freigeben, வேண்டாம் என்றால் ablehnen. ஜெர்மனில் வேறெதுவும் தெரியாவிட்டாலும் இவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மிகச் சிறிய தொகைகளுக்கு, 30 யூரோவரை, வங்கி இந்த ஒப்புதலைக் கேட்காமல் விடலாம். மற்றபடி இது பெரும்பாலும் வரும்.

மாணவர் லிமிட்டை மறுபடி மாற்றியபோது 2000 என்று அடித்தார், கட்டம் 2.000,00 என்று எழுதிக்கொண்டது, befristet தேர்ந்து செவ்வாய்வரை தேதி கொடுத்தார். ஆப் திறந்தது. இந்த முறை அவரையே படித்துக் காட்டச் சொன்னேன். "நியூஸ் டாகெஸ்லிமிட், ரெண்டு, புள்ளி, மூணு சைபர், கமா, ரெண்டு சைபருங்கண்ணா." உச்சரிப்பு எப்படியோ, எண் சரி. ஒப்புதல் கொடுத்தார்.

பிறகு முன்பணம். மூலப் பெயர், முன்பணக் கணக்கின் எண், 870, Verwendungszweck கட்டத்தில் முன்பணத்தைக் குறிக்கும் Kaution என்ற சொல்லும் ஒப்பந்த எண்ணும். குறிப்பு எழுதுவது வேலை மிச்சம். அந்தப் பக்கம் பார்க்கிற குமாஸ்தாவுக்கு எந்த அறை, எந்தத் தொகை என்று கேட்க வேண்டியிருக்காது.

அனுப்புமுன் ஒரு சிறு கட்டம் டிக் செய்யக் காத்திருந்தது: Echtzeitüberweisung, உடனடிப் பரிமாற்றம். பத்து விநாடிக்குள் போய்ச் சேரும், ஞாயிறானாலும் நள்ளிரவானாலும். சாதாரணப் பரிமாற்றத்தைவிடக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று அதே 2024/886 ஒழுங்குமுறை சொல்கிறது. சாதாரணமாக அனுப்பினால் வங்கி வேலை நாட்கணக்கில் அடுத்த நாள். வெள்ளி மாலை அனுப்பினால் திங்கள், வங்கியின் அன்றைய கடைசி நேரம் கடந்திருந்தால் செவ்வாய்கூட ஆகும். இவருக்குத் திங்கள் காலை சாவி. டிக் செய்யத்தான் வேண்டும். ஆனால் டிக் செய்தால் திரும்பப் பெறுவது என்ற பேச்சே இல்லை. சாதாரணப் பரிமாற்றமானால் வங்கி அதைக் கையில் எடுக்குமுன் நிறுத்தச் சிறு வாய்ப்பாவது உண்டு. பணம் போனபின் இரண்டிலும் வங்கியால் முடிந்தது, பெற்றவரிடம் திருப்பித் தரக் கேட்பது மட்டும்.

உடனடிப் பரிமாற்றத்துக்குத் தனியாக ஒரு லிமிட் வைத்துக்கொள்ளவும் அந்த ஒழுங்குமுறை உரிமை தருகிறது. ஒரு நாளுக்கா ஒரு பரிமாற்றத்துக்கா என்பது வாடிக்கையாளர் விருப்பம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இவர் வங்கியில் அது லிமிட் பக்கத்திலேயே அடுத்த வரியாக இருந்தது, 1,000 என்று. 870 அதற்குள் அடங்கியது, போய்விட்டது. அடுத்து 385 அனுப்பும்போது நாளின் மொத்தம் ஆயிரத்தைத் தாண்டியதால் மறுத்தது. வாடகை மூன்றாம் வேலை நாளுக்குள் போனால் போதும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், அதை டிக் இல்லாமல் சாதாரணமாக அனுப்பச் சொன்னேன். அந்த இரண்டாவது லிமிட்டை உயர்த்தவில்லை. திரும்பப் பெற முடியாத வழிக்கு லிமிட் குறைவாக இருப்பதே நல்லது.

வாடகைக் கணக்கை Vorlage ஆகச் சேமித்தோம், மாதாமாதம் வேண்டும். முன்பணக் கணக்கைச் சேமிக்கவில்லை. ஒரே பெயரில் இரண்டு சேமிப்புகள் இருந்தால் அடுத்த மாத வாடகை தவறாக அங்கே போகும்.

லிமிட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை இங்கே சேரும். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று அழைக்கிற மோசடிக்காரர்களுக்கும் முதல் தடை இந்த லிமிட்தான். பெரிய தொகையை எடுக்க அவர்கள் முதலில் அதை உயர்த்த வேண்டும். நீங்கள் கேட்காமல் ஆப்பில் Limit ändern என்று ஒப்புதல் திரை வந்தால், யாரோ உங்கள் கணக்குக்குள் இருக்கிறார்கள். போனில் இருப்பவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் ablehnen அழுத்திவிட்டு, வங்கியின் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். இணையவழிக் கணக்கையும் அட்டையையும் முடக்க 116 116 என்ற எண் ஜெர்மனி முழுவதும் இரவு பகல் இயங்குகிறது. உங்கள் வங்கி அதில் சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.